தராவீஹ் தொழும் முறை: 8 ரக்அத்தா, 20 ரக்அத்தா? பள்ளியிலா, வீட்டிலா?

ரமலான் பிறை தெரிந்த அன்று இரவே தராவீஹ் தொடங்கிவிடும். முதல் நோன்பு மறுநாள்தான்.

1. முதலில் இஷா

தாமதமாகப் போனால், தராவீஹ் நடந்துகொண்டிருந்தாலும் தனியாக இஷா ஃபர்ளைத் தொழுதுவிட்டுச் சேருங்கள். ஷாஃபி மத்ஹபில் அந்த இமாமின் பின்னாலேயே இஷா நிய்யத்துடன் நிற்கலாம். அவர் 2 ரக்அத்தில் ஸலாம் கொடுத்ததும் எழுந்து மீதி 2 ரக்அத்தை முடிக்க வேண்டும். ஹனஃபியில் இதற்கு இடமில்லை.

2. இரண்டிரண்டாகத் தொழுங்கள்

ஒவ்வொரு 2 ரக்அத்துக்கும் ஸலாம் உண்டு. 4 ரக்அத் ஆனதும் சற்று அமர்வார்கள். கடைசியில் வித்ரு.

3. எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

நபி (ஸல்) அவர்கள் ரமலானில் சில இரவுகள் பள்ளியில் தொழ, மக்கள் பின்னால் கூடினார்கள். நான்காம் இரவு பள்ளி கொள்ளாத கூட்டம். அன்று நபியவர்கள் வெளியே வரவில்லை. இது கடமையாக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சியதாகக் காலையில் சொன்னார்கள். அபூபக்ர் (ரலி) காலத்திலும் தனித்தனியாகவே தொழுதார்கள். உமர் (ரலி) ஓர் இரவு பள்ளியில் மக்கள் சிதறி நின்று தொழுவதைக் கண்டு, உபை இப்னு கஅப் (ரலி) பின்னால் ஒரே ஜமாஅத்தாக்கினார்கள். பிறகு அதைப் பார்த்து, "இது நல்ல பித்அத்" என்றார்கள்.

கருத்து வேறுபாடு இங்கேதான் கிளைக்கிறது. நபியவர்கள் விட்டதை மீண்டும் கூட்டக் கூடாது என்பது ஷீஆக்களின் நிலை. ரமலான் இரவுகளின் நஃபிலை அவர்கள் தனியாகத் தொழுகிறார்கள். சுன்னிகளோ, நபியவர்களுக்குப் பின் கடமையாகிவிடும் அச்சம் நீங்கியது என்கிறார்கள். அவர்களிலும் இமாம் மாலிக், முடிந்தவர் வீட்டில் தொழுவதையே விரும்பினார்.

ரமலானிலும் மற்ற நாட்களிலும் நபியவர்கள் 11 ரக்அத்துக்கு மேல் தொழவில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். 8-உம் வித்ரு 3-உம் அதிலிருந்து வருகின்றன. உமர் காலம் பற்றி இமாம் மாலிக்கின் ஹதீஸ் தொகுப்பான முவத்தாவில் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து உள்ளன: ஒன்றில் 11, மற்றதில் 23. இரண்டாவதன் அறிவிப்பாளர் யஸீத் இப்னு ரூமான் உமரின் காலத்தை அடையாதவர் என்பதால் 11 தரப்பினர் அதை ஏற்பதில்லை. 20-க்கு வேறு அறிவிப்புகளும் உண்டு என்பது மறுதரப்பின் பதில். மதீனாவில் பின்னாளில் 36-உம் தொழுதார்கள். இவ்வளவு நஃபில்தான் என்று எல்லை கட்டப்படாததால்தான் இத்தனை எண்களும் வந்தன என்பது என் கருத்து. இதற்காக ஒரு ஊரில் இரண்டு பள்ளிகள் பிரிவது எனக்கு வேதனையே.

4. 8 தொழுபவர் 20 தொழும் பள்ளியில் நின்றால்

இமாம் முடிக்கும்வரை அவருடன் நின்றவருக்கு முழு இரவு நின்று தொழுத நன்மை எழுதப்படும் என்று அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உள்ளது. ஆகவே கடைசிவரை நிற்பதே நல்லது. முடியாவிட்டால் 8-இல் ஸலாம் கொடுத்ததும் அமைதியாக வெளியேறி, வித்ரை வீட்டில் தொழுங்கள். இமாமுடன் வித்ரு தொழுதுவிட்டு ஸஹருக்கு முன் எழுந்தால், இரண்டிரண்டாக நஃபில் தொழலாம். ஓர் இரவில் இரண்டு வித்ரு இல்லை என்பதால் அதை மட்டும் திரும்பத் தொழ வேண்டாம்.