'அவன் பாடுவது' ஆங்கிலத்தில் எப்படி வரும்?

பாம்பனில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'அவன் பாடுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது' என்று கொடுத்தால் பலரும் 'ஹி சிங்கிங் அனாய்ஸ் மீ' என்றே எழுதுகிறார்கள். தமிழில் 'பாடுவது' என்ற தொழிற்பெயருக்கு முன் 'அவன்' மாறாமல் நிற்பதுதான் காரணம். ஆங்கிலத்தில் 'ஹி' அங்கே நிற்காது. 'ஹிஸ் சிங்கிங்' என்று உடைமைச் சொல் வேண்டும்.

அதனால் முதலில் 'அவனுடைய பாடுதல்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். தமிழாகக் கொஞ்சம் இடறும், ஆனால் 'ஹிஸ்' தானாக வந்துவிடும். சரி, 'அப்பா கடலுக்குப் போகாதது அம்மாவுக்குக் கவலை' என்றால்? 'அப்பாவுடைய போகாமை'. அதாவது, 'மை ஃபாதர்ஸ் நாட் கோயிங் டு சீ வொரீஸ் மை மதர்'. 'போகாதது' என்பதற்குள் ஒளிந்திருக்கும் மறுப்பு, 'நாட்' ஆகி 'கோயிங்'குக்கு முன்னால் வருகிறது.

பேச்சில் 'ஹிம் சிங்கிங்' என்பதும் காதில் விழும். தேர்வில் 'ஹிஸ்' என்றே எழுதுங்கள்.