முனகும் குறைமாதக் குழந்தைக்கு சிபாப்: ஆக்சிஜனைக் கூட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

இது என்ஐசியூவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் எழுதுவது. வார்மர், மானிட்டர் போன்றவற்றை எப்படி இணைப்பது என்பதை விட்டுவிடுகிறேன், அது முதல் வாரத்திலேயே கைவந்துவிடும். மருந்து, அளவு எல்லாம் உங்கள் யூனிட் நெறிமுறைப்படியும் சீனியர் மேற்பார்வையிலும்தான். பெற்றோர் யாராவது படித்தால் ஒன்றே ஒன்று: வீட்டில் பச்சிளங்குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதலில் முனகலைக் கேளுங்கள்

குழந்தை மூச்சை வெளியே விடும்போது "ம்ஹ்... ம்ஹ்..." என்று ஒரு சத்தம் வரும். புதியவர்கள் இதை அழுகை என்றோ வலி என்றோ நினைப்பார்கள். உண்மையில் குழந்தை குரல்நாண்களைப் பாதி மூடிக்கொண்டு, காற்று முழுவதும் வெளியேறாமல் தடுக்கிறது. நுரையீரலின் காற்றுப்பைகள் உள்பக்கம் ஈரமானவை, அந்த ஈரத்தின் இழுவிசையைக் குறைப்பதுதான் சர்ஃபாக்டன்ட். அது போதாமல் இருந்தால் பைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளும். சுருங்கிக் கிடக்கும் பலூனில் முதல் ஊதல்தான் கடினம், இந்தக் குழந்தைக்கோ ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதல். சர்ஃபாக்டன்ட் கர்ப்பத்தின் 24ஆவது வாரத்தை ஒட்டி உருவாகத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் தேவையான அளவுக்கு வருகிறது, அதனால்தான் குறைமாதத்தில் இந்தச் சிக்கல்.

1968இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். முனகும் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டதும் முனக முடியாமல் போய், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. டியூபை எடுத்ததும், முனகலோடு ஆக்சிஜனும் திரும்பியது. ஆக முனகல் வெறும் அறிகுறி இல்லை, குழந்தை தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சிகிச்சை. மூக்கு வழியே விடாமல் காற்றழுத்தம் கொடுத்து, அந்த வேலையை வெளியிலிருந்து நாம் செய்வதுதான் சிபாப். 1971இல் ஜார்ஜ் கிரிகரி குழுவினர் அதைப் பச்சிளங்குழந்தைகளில் செய்து காட்டினார்கள்.

மூச்சுத்திணறலை அளக்கும் சில்வர்மேன் மதிப்பெண்ணில், முனகல் ஸ்டெதஸ்கோப்பில் மட்டும் கேட்டால் 1, வெறும் காதில் கேட்டால் 2. ஆனால் முனகல் நின்றுவிட்டது என்றதும் நிம்மதி அடையாதீர்கள். மார்பு உள்ளிழுப்பும் குறைந்து, சாச்சுரேஷன் நிலையாக இருந்தால் நல்லது. குழந்தை துவண்டு, மூச்சு இடையிடையே நின்றால் அது களைப்பு, உடனே கூப்பிடுங்கள்.

சிபாப் தொடங்குவது

ஒரு கற்பனைக் குழந்தையை வைத்துப் பார்ப்போம்: 30 வாரம், 1200 கிராம், அம்மாவுக்குப் பிரசவத்துக்கு முன் ஒரு ஸ்டீராய்டு ஊசிதான் போட முடிந்தது. பிறந்து சில நிமிடங்களில் முனகல், நிமிடத்துக்கு 70 மூச்சு. பிரசவ அறையிலேயே சிபாப் 6 செ.மீ. நீர் அழுத்தத்தில், ஆக்சிஜன் 30 சதவீதத்தில். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வலது கையில். பிறந்து 5 நிமிடத்தில் சாச்சுரேஷன் 80ஐ ஒட்டி இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வார்டுக்கு வந்தபின் 90 முதல் 95 வரை வைத்துக்கொள்ளலாம்.

கருவி விஷயத்தில் எனக்கு பபிள் சிபாப்தான் பிடிக்கும். வெளிமூச்சுக் குழாய் தண்ணீரில் எத்தனை செ.மீ. மூழ்கியிருக்கிறதோ அதுதான் அழுத்தம். கண்ணால் பார்க்க முடிகிறது, காதால் கேட்க முடிகிறது. திரையில் எண் காட்டும் இயந்திரங்கள் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் மூக்கைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

எல்லோரும் தடுமாறும் இடம்

இரண்டு மணி நேரம் கழித்து சாச்சுரேஷன் 86. கை தானாக ஆக்சிஜன் பிளெண்டருக்குப் போகும். 35, அப்புறம் 40. இப்போது "நோய் முற்றுகிறது, சர்ஃபாக்டன்ட் கொடுக்கலாமா" என்ற கேள்வி வரும். கொஞ்சம் பொறுங்கள், அந்த 40 என்ற எண்ணுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் 6 செ.மீ. அழுத்தம் உண்மையிலேயே நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எனவே முதலில் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். குமிழிகள் நின்றிருந்தால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் பிராங் சிறியதாக இருக்கும், மூக்குத் துவாரத்தை நிரப்பாது. மூக்குத்தோல் வெளுக்காத அளவில் இருப்பதிலேயே பெரிய பிராங்கை எடுங்கள். சிறியது போட்டால் மூக்குக்கு நல்லது என்பது தவறான எண்ணம், சிறியது ஆடி ஆடி நடுத்தோலை உரசிப் புண்ணாக்கும். அடுத்து வாய்: திறந்திருந்தால் அழுத்தம் அந்த வழியே போய்விடும், நிப்பிளோ மென்மையான தாடைப் பட்டையோ போதும். பிறகு கழுத்து, தோளுக்குக் கீழே சின்னத் துணிச்சுருள் வைத்து நேராக்குங்கள். மூக்கில் சளி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் குழந்தைக்கு பிராங் மாற்றி வாயையும் மூடியதும் குமிழிகள் திரும்பின, ஆக்சிஜன் 32க்கு இறங்கியது. ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில், குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே, மறுபடி 36. இப்போது இது கசிவு அல்ல, நோய். எக்ஸ்ரேயில் நுரையீரல் சின்னதாக, தேய்த்த கண்ணாடி போல மங்கலாக இருக்கிறது.

சர்ஃபாக்டன்ட்

6 செ.மீ. அல்லது அதற்கு மேல் அழுத்தத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். போராக்டன்ட் என்றால் முதல் டோஸ் கிலோவுக்கு 200 மி.கி. 1.2 கிலோவுக்கு 240 மி.கி., அதாவது 3 மி.லி. பாட்டிலைக் கையில் பிடித்துச் சூடாக்கி மெதுவாகத் தலைகீழாக்குங்கள், குலுக்காதீர்கள். பயிற்சி பெற்றவர் லாரிங்கோஸ்கோப்பில் பார்த்து மெல்லிய கதீட்டரைக் குரல்நாண்களைத் தாண்டி வைத்து, சிபாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகச் செலுத்துவார். குழந்தை தானே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால் மருந்து பரவுகிறது. எனக்கு இந்த முறைதான் விருப்பம், வென்டிலேட்டரைத் தொடாமல் முடிந்துவிடும்.

உங்கள் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சில நிமிடங்களிலேயே சாச்சுரேஷன் 99க்கு ஏறும், பிளெண்டரை உடனே இறக்கிக்கொண்டே வாருங்கள். அதிக ஆக்சிஜன் குறைமாதக் குழந்தையின் விழித்திரைக்குக் கெடுதல். மாறாக, நன்றாக இருந்த குழந்தை திடீரென்று சரிந்து ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம், மருத்துவரை ஓடிவரச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

கருத்துகளில் இரண்டு பேர் வயிறு உப்புவதைக் கேட்டிருந்தார்கள். சிபாப் காற்று வயிற்றுக்குள்ளும் போகும். வாய்வழி இரைப்பைக் குழாயைத் திறந்து வையுங்கள். வயிறு மென்மையாக இருந்தால் பெரும்பாலும் காற்றுதான். வயிறு விறைத்து, நிறம் மாறி, குழாயில் பச்சையாக வந்தால் காற்று என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொருவர் குமிழி பலமாக வருகிறது, ஆனாலும் குழந்தை கஷ்டப்படுகிறது என்றார். வெளிமூச்சுக் குழாயின் வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தால் உள்ளே அழுத்தம் 6ஐத் தாண்டிவிடும். குழாயைக் குழந்தையைவிடத் தாழ்வாக வைத்து, தேங்கியதை அவ்வப்போது வடித்து, பாட்டிலின் நீர்மட்டத்தையும் ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்தில் அளந்து எழுதிவையுங்கள்.