கொட்டேஷன் தந்தவருக்கு "வேண்டாம்" என்று எழுதுவது எப்படி? பசுந்தேயிலை எடைக்கருவி வாங்கியபோது நான் செய்த முறை

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் கணக்கையும் கொள்முதலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு நான்கு இலை கொள்முதல் ஷெட்டுகள் உண்டு. அவற்றுக்கு எலக்ட்ரானிக் தராசு, ரசீது பிரிண்டர், எடையைப் பதியும் மொபைல் செயலி மூன்றையும் ஒரே இடத்தில் வாங்க முடிவு செய்தோம். கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று, பெங்களூரு நிறுவனம் ஒன்று, குன்னூரில் தராசுக் கடை வைத்திருப்பவர் என மூன்று பேர் கொட்டேஷன் தந்தார்கள். ஆர்டர் பெங்களூருக்குப் போனது. மற்ற இருவருக்கும் மறுப்பு எழுதிய முறையைத்தான் இங்கே சொல்கிறேன். கொட்டேஷன் கேட்பதும் ஒப்பிடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது தனியார் கொள்முதலுக்கான முறை. அரசுத் துறை, அரசு நிறுவனம் போன்றவற்றின் கொள்முதலுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இருக்கிறது. அங்கே யாருக்கு, எப்போது, என்ன சொல்வது என்பதை விதிகளே முடிவு செய்யும்.

படி 1: காரணத்தைப் பரிசோதனைத் தாளிலிருந்து எடுங்கள்

கொட்டேஷன் கேட்கும்போதே நான்கு கட்டாயத் தேவைகளை மூவருக்கும் ஒரே மாதிரி எழுதி அனுப்பியிருந்தோம். தராசில் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். சிக்னல் இல்லாமல் நாள் முழுக்கப் பதிவு ஓட வேண்டும். ரசீது அங்கேயே தமிழில் வர வேண்டும். பழுதானால் இரண்டு நாளில் ஆள் மலையேறி வர வேண்டும். இவற்றைத் தாண்டியவர்களை மூன்று வருட மொத்தச் செலவை வைத்து ஒப்பிடுவோம் என்றும் சொல்லியிருந்தோம்.

மறுப்பில் எழுதும் காரணம் இந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாத காரணத்தைக் கடைசியில் சேர்த்தால், "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேனே" என்று அவர் கேட்பார். அது நியாயமான கேள்வி.

பரிசோதனையைப் பதிய நான் கூகுள் ஷீட் வைத்துக்கொள்கிறேன். ஒரு வரிசைக்கு ஒரு சோதனை: என்ன செய்தோம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் தாள்கள் எனக்குப் பிடிக்காது. "பத்துக்கு ஆறு" என்று சொன்னால் அந்த நிறுவனத்துக்கு எதைத் திருத்துவது என்றே தெரியாது.

படி 2: எப்போது சொல்வது

தேர்ந்தெடுத்தவர் ஆர்டரை எழுத்தில் ஏற்று, முன்பணம் போய்ச் சேர்ந்த பிறகு. அதுவரை இரண்டாம் இடத்தில் இருப்பவர் உண்மையில் நிராகரிக்கப்படவில்லை. முதலாமவர் பின்வாங்கினால் நாம் அவரிடம்தான் போவோம். அந்த இடைவெளியில், "மதிப்பீடு முடிந்தது, முடிவை 20-ஆம் தேதிக்குள் எழுதுகிறோம்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். கொட்டேஷனில் "30 நாட்கள் செல்லும்" என்று போட்டிருந்தால் அந்த நாள் தாண்டுவதற்குள் பதில் போக வேண்டும். நமக்காக ஸ்டாக்கைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

டெமோவுக்கு மலையேறி வந்தவரை முதலில் போனில் கூப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் மெயில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மறுப்பு எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது விற்பனைப் பிரதிநிதியின் போனோடு நின்றுவிடும். மெயில்தான் நிறுவனத்துக்குள் செயலியை எழுதுகிறவர் வரைக்கும் போகும்.

படி 3: கருத்தைச் சோதனை முடிவாக எழுதுங்கள்

கோயம்புத்தூர் நிறுவனத்தின் தராசு மூன்றிலும் சிறந்தது. ஈரச் சாக்கைப் போட்டாலும் எண் ஆடாமல் நிற்கும். விலையும் ஒத்துவந்தது. சிக்கல் செயலியில் இருந்தது.

எங்கள் ஷெட்டுகளில் ஒன்று பள்ளத்தில் இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வலுக்கும். அந்த நாட்களில் அங்கே சிக்னல் ஒரு நிமிடம் வரும், இரண்டு நிமிடம் போகும். அங்கேயே வைத்து 20 மூட்டைகள் எடை போட்டோம். பிரிண்டர் 20 ரசீது கொடுத்தது. மாலையில் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து சர்வர் பட்டியலைப் பார்த்தால் 17 பதிவுகள். ரசீது எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். விடுபட்ட மூன்றும் சிக்னல் வந்து வந்து போன நேரத்தில் பதிந்தவை. போனை ஏர்பிளேன் மோடில் போட்டுச் செய்த சோதனையில் ஒன்றுகூட விடுபடவில்லை.

இதை "உங்கள் செயலி நம்பகமானதாக இல்லை" என்று எழுதியிருக்கலாம். படித்தவருக்கு வருத்தம் மட்டும்தான் மிஞ்சும். நான் எழுதியதில் மூன்று விஷயங்கள் இருந்தன: எந்த நிலையில் சோதித்தோம், என்ன பார்த்தோம், அது எங்களுக்கு ஏன் முக்கியம். ஒரு மூட்டை சுமார் 25 கிலோ. மூன்று பதிவு விடுபட்டால் ஒரு விவசாயியின் 75 கிலோ இலை கணக்கிலேயே ஏறாது. கையில் ரசீது இருக்கும், மாதக் கணக்கில் இருக்காது. சண்டை ஷெட்டில் எடை போடும் பையனிடம்தான் வரும்.

சிக்னல் பாதியில் அறுந்தால், போய்ச் சேர்ந்ததாக நினைத்துச் செயலி அந்தப் பதிவை அழித்துவிடுகிறதோ என்பது என் ஊகம். ஊகம் என்றே எழுதினேன். நாம் பார்த்ததையும் நினைப்பதையும் கலந்து எழுதினால் அவர்கள் நம் ஊகத்தைத் துரத்திக்கொண்டு போவார்கள்.

தராசு நன்றாக இருந்ததையும் எழுதினேன். அது உண்மை, அவர்களுக்குப் பயன்படும் தகவலும்கூட. எங்கே கை வைக்க வேண்டாம் என்று தெரிகிறதல்லவா? உண்மையில்லாத பாராட்டைச் சேர்த்தால் மற்ற வரிகளின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

குன்னூர்க் கடைக்காரர் விஷயம் வேறு. நான்கு தேவைகளையும் தாண்டினார். மூன்று வருடச் செலவில் பெங்களூருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். தராசு விலை அல்ல காரணம். செயலியை வேறொருவரிடம் வாங்கித் தருவதால் ஷெட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வருகிறது, மொத்தத்தை ஏற்றியது அதுதான். அதை அப்படியே சொன்னேன். "மத்தவங்க எவ்வளவு போட்டாங்க?" என்று கேட்டார். அதைச் சொல்லவில்லை. அவர் விலையை நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றால், மற்றவர் விலையையும் அவரிடம் சொல்லக் கூடாது. இடமும், மொத்தத்தை ஏற்றிய வரியும் போதும்.

படி 4: எதிர்காலம் பேசும் ஒவ்வொரு வரியையும் சோதியுங்கள்

மறுப்புக் கடிதம் கெட்டுப்போவது இங்கேதான். மனசு கேட்காமல் கடைசியில் ஒரு ஆறுதல் சேர்ப்போம். "அடுத்த முறை கட்டாயம் உங்களிடம்தான்." "புது ஷெட் போட்டால் முதலில் உங்களைக் கூப்பிடுகிறோம்." அவர் அதை நம்பி டைரியில் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து டீசல் போட்டுக்கொண்டு மேலே வருவார்.

நான் வைத்திருக்கும் சோதனை இது. எதிர்காலம் பேசும் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி: யார் செய்வார்? எப்போது? இப்போது போட்டிருக்கும் ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் வரியை அடியுங்கள்.

குன்னூர் அண்ணாவிடம் போனில் பேசும்போது, "தராசு ரிப்பேர் வந்தா உங்ககிட்டதான் கொண்டு வருவோம்" என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. தினமும் பார்க்கும் மனிதர். எங்கள் உறுப்பினர்கள் சிலருக்குச் சொந்தமும்கூட. ஆனால் மூன்று வருடப் பராமரிப்பு பெங்களூரு நிறுவனத்தின் பொறுப்பு. வெளியார் தராசைத் திறந்தால் வாரண்டி போய்விடும். இயந்திரத்தைத் திறந்து பழுது பார்த்தால் முத்திரையையும் புதிதாகப் போட வேண்டும். ஆகவே அந்த வாக்கை எங்களால் காப்பாற்ற முடியாது. சொல்லவில்லை.

உண்மையாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மூன்று வருடத்துக்கு இந்தக் கருவி வாங்கும் திட்டம் எங்களுக்கு இல்லை, அதன்பிறகு வாங்கினால் திரும்பவும் பலரிடம் கொட்டேஷன் கேட்போம், அப்போது அவர் தருவதையும் மற்றவர்களுடையதைப் போலவே பார்ப்போம். கேட்க வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் தன் வேலையைத் திட்டமிட அது உதவும்.

படி 5: கடிதம்

கோயம்புத்தூருக்குப் போன கடிதம், பெயர்கள் நீக்கி:

> வணக்கம் சார்,
>
> எங்கள் கொள்முதல் ஷெட்டுகளுக்கான எடைக்கருவி ஆர்டரை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம். முடிவு இறுதியானது. உங்கள் பொறியாளர் மேலே வந்து ஒரு நாள் முழுவதும் எங்களோடு இருந்து டெமோ காட்டியதற்கு நன்றி.
>
> காரணம், கட்டாயத் தேவை 2 (சிக்னல் இல்லாமல் பதிவு). சிக்னல் விட்டு விட்டு வரும் ஷெட்டில் 20 மூட்டைகள் பதிந்தோம். சர்வரில் 17 மட்டுமே வந்தன. விடுபட்ட ரசீது எண்களை இணைத்திருக்கிறோம். ஏர்பிளேன் மோடில் எதுவும் விடுபடவில்லை. அனுப்பும்போது தொடர்பு அறுவது காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம் மட்டுமே.
>
> தராசு ஈரச் சாக்கிலும் நிலையாக நின்றது. விலை காரணமல்ல.
>
> அடுத்த மூன்று வருடத்துக்கு இந்தக் கருவி வாங்கும் திட்டம் எங்களிடம் இல்லை. டெமோ தராசும் பிரிண்டரும் எங்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை உங்கள் கோவை முகவரிக்குப் பார்சலில் அனுப்புகிறோம், செலவு எங்களுடையது.

முடிவு முதல் வரியிலேயே இருக்கிறது. நன்றியில் தொடங்கி மூன்று பத்தி தாண்டி முடிவைச் சொன்னால், படிப்பவர் ஆர்டர் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே வருவார். எங்கள் லெட்டர்பேடில் அச்சடித்து பிடிஎஃப் ஆக்கவும் இல்லை. மெயிலிலேயே எழுதினால் அவர்கள் ரசீது எண்களை நகலெடுத்துத் தேடலாம்.

பின்சேர்க்கை: "இப்போதே குறைத்துத் தருகிறேன்" என்றால்?

இந்தப் பதிவைப் படித்த சிலர் கேட்டது இது. கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கியபோது மறுப்பு அனுப்பிய மறுநாளே அந்த நிறுவனம் விலையைக் குறைத்துக்கொண்டு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

எனக்கும் நடந்தது. குன்னூரிலிருந்து மாலையே போன்: "மாசக் கட்டணத்தை நானே ஏத்துக்கறேன், இப்ப பாருங்க." ஆர்டர் எழுத்தில் போய், முன்பணமும் கட்டியாகிவிட்டது. "அண்ணா, ஆர்டர் கொடுத்தாச்சு. இப்ப நீங்க எவ்வளவு குறைச்சாலும் அதை எடுத்துப் பார்க்கிறது முடியாது. கட்டணத்தை நீங்க ஏத்துக்க முடியும்னா அடுத்த வாடிக்கையாளருக்கு முதல் கொட்டேஷன்லயே போட்டுடுங்க" என்றேன். "கமிட்டியில பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் பேச்சு அன்றைக்குச் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் கமிட்டி அதை எடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மறுப்பை ஆர்டருக்கு முன்பே அனுப்பிவிட்டு இந்த போன் வந்தால் நிலைமை சிக்கல். புது விலையைப் பார்ப்பதென்றால் கட்டாயத் தேவைகளைத் தாண்டிய எல்லோருக்கும் திருத்திய விலை தர ஒரே நாள் கெடு கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கதவைத் திறக்கக் கூடாது. படி 2-இல் ஆர்டர் உறுதியான பிறகே மறுப்பு எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.