லிங்க்ட்இன் தலைப்புவரியை மாற்றிய பின், மூன்று எண்களை எப்படி வாசிப்பது

கிளிநொச்சியில் இருக்கும் என் பெறாமகள் பரந்தன் பக்கத்து அரிசி ஆலையொன்றில் கணக்குப் பார்க்கிறாள். ஏஏடி கணக்கியல் பரீட்சைகளை முடித்தவள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கணக்குப்பதிவு வேலை தேடுகிறாள். லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே நிற்கும் headline என்ற தலைப்புவரியை மாற்றிய மறுவாரம் அவள் தொலைபேசியில் என்னை அழைத்து, "சித்தப்பா, சுயவிவரப் பார்வை எண்பத்து நாலா இருந்தது நூற்றொண்டு காட்டுது, மாத்தினது வேலை செய்யுது போல" என்றாள். அந்த நூற்றொன்று தலைப்புவரியால் வந்ததன்று. அது எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் கண்டுபிடித்த வழியையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒவ்வொரு எண்ணும் எத்தனை நாளுக்கு உரியது என்று பாருங்கள்

உங்கள் சுயவிவரப் பக்கத்தில் Analytics என்ற பகுதி இருக்கும். அது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதில் profile views, post impressions, search appearances என மூன்று எண்கள் நிற்கும். அருகருகே இருப்பதால் மூன்றும் ஒரே காலத்துக்குரியவை என்று தொடக்கநிலையினர் எண்ணிவிடுகிறார்கள். சுயவிவரப் பார்வை கடந்த 90 நாட்களுக்கான மொத்தம். தேடல் தோற்றம் ஒரு வாரத்துக்குரியது. பதிவுத் தோற்றம் வழமையாகக் கடந்த 7 நாட்களுக்கானது. திரையின் அமைப்பு அவ்வப்போது மாறுவதால், எண்ணுக்கு அருகிலுள்ள சிறிய எழுத்தில் காலவரம்பை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றும் அளப்பது வெவ்வேறு விடயங்களை. ஒருவர் ஏதோ சொற்களைத் தேடும்போது வரும் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் அது தேடல் தோற்றம். அவர் உங்கள் பெயரை அழுத்தி உள்ளே வந்தால்தான் அது பார்வை. பதிவுத் தோற்றம் என்பது நீங்கள் இட்ட பதிவு பிறரின் திரையில் தெரிந்த தடவைகள். ஒரே ஆள் இருமுறை கண்டாலும் இரண்டாகவே எண்ணப்படும்.

படி 2: மாற்றுவதற்கு முன் நான்கு திங்கட்கிழமைகள் எழுதுங்கள்

ஒரு கொப்பியில் திகதி, மூன்று எண்கள், அந்த வாரம் நீங்கள் செய்தவை என ஐந்து நிரல்கள் போதும். கடைசி நிரலை யாரும் பொருட்படுத்துவதில்லை; ஆனால் பின்னர் உதவுவது அதுவே. எத்தனை பேருக்கு இணைப்பு அழைப்பு அனுப்பினீர்கள், என்ன பதிவிட்டீர்கள், எங்கெங்கே கருத்து எழுதினீர்கள் என்பவற்றை அதில் குறிக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு போன்ற விடுமுறை வாரங்களில் ஆட்களைத் தேடுவோர் குறைவாக இருக்கலாம் என்பதால் அத்தகைய வாரத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டாம்.

பெறாமகளின் நான்கு வாரத் தேடல் தோற்றங்கள் 9, 12, 8, 11. பார்வைகளின் 90 நாள் மொத்தம் 84, 83, 85, 84. 90 நாள் என்பது ஏறத்தாழ 13 வாரம். 84ஐ 13ஆல் வகுத்தால் வாரத்துக்கு ஆறு ஏழு பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதையும் அறிவிக்காமல் மாற்றுங்கள்

அவளுடைய பழைய தலைப்புவரியில் தொழிலின் பெயரே இருக்கவில்லை. முதல் மாற்றத்தில் அவள் அதன் கடைசியில் தொழிற்சொற்களையும் கணக்கு மென்பொருட்களின் பெயர்களையும் சேர்த்தாள்:

```
Motivated and hard-working individual | Bookkeeper | QuickBooks | Xero
```

இங்கே ஒரு தவறு நடந்தது. சுயவிவரத்தில் செய்யும் சில மாற்றங்களை இணைப்பிலுள்ளோருக்கு அறிவிக்கும் தெரிவு அவளது கணக்கில் திறந்தே இருந்தது. செய்தி போனதும் பள்ளித் தோழிகளும் உறவினரும் வந்து பார்த்தார்கள். 84 ஒரே வாரத்தில் 101 ஆனது அதனால்தான். யார் பார்த்தார்கள் என்ற பட்டியலில் இலவசக் கணக்கினருக்குச் சிலரின் பெயர்களே தெரியும். ஆனாலும் தெரிந்த பெயர்கள் எல்லாம் ஊர்ப் பெயர்களாக இருந்தது எங்களுக்குப் போதிய சான்று. நீங்கள் அந்தரங்க முறையில் பிறரின் பக்கங்களைப் பார்ப்பவராயின், இலவசக் கணக்கில் அந்தப் பட்டியலும் கிடைக்காது.

ஆகவே அளக்கும் காலத்தில் அந்த அறிவிப்பை நிறுத்திவையுங்கள். வேலை தேடுவதைக் குறிக்கும் Open to work தெரிவு மிகப் பயனுள்ளது, வீட்டிலிருந்து வேலை என்ற விருப்பத்தையும் அதில் குறிக்கலாம். ஆனால் தலைப்புவரியை மாற்றும் அதே வாரத்தில் அதையும் திறந்தால் எது உதவியது என்று பிரித்தறிய முடியாது.

படி 4: எண்களை ஒன்றோடொன்று வைத்து வாசியுங்கள்

மாற்றியபின் முதல் வாரத்துத் தேடல் தோற்றம் 10. லிங்க்ட்இன் கணக்கிடும் வாரமும் நாம் மாற்றிய நாளும் பொருந்தாது என்பதால் அந்த வாரத்தை ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த மூன்று வாரங்கள் 19, 23, 21. முன்பு ஒரு வாரமும் 12ஐத் தாண்டாத எண், பின்பு ஒரு வாரமும் 19க்குக் கீழே இறங்கவில்லை. இவ்வளவு சிறிய எண்களில் ஒரு வாரத்து ஏற்றத்தை நம்பவே கூடாது. மூன்று வாரங்கள் தொடர்ந்து பழைய எல்லைக்கு வெளியே நின்றால் நம்பலாம். தேடுவோரின் சொற்களும் அவளுடைய சொற்களும் இப்போது பொருந்துகின்றன.

ஆனால் அதே மூன்று வாரங்களில் பார்வை மொத்தம் 101, 102, 102. ஓடும் மொத்தத்தில் ஒவ்வொரு வாரமும் புதிய வாரமொன்று உள்ளே வர, 13 வாரங்களுக்கு முந்திய வாரம் வெளியே போகிறது. குளத்துக்கு வரும் நீரும் வான்கதவால் போகும் நீரும் சமமாக இருந்தால் மட்டம் அசையாதது போல. மொத்தம் அசையவில்லையென்றால் வாரத்துக்கு வருவோர் இன்னும் ஆறு ஏழு பேர்தான். பட்டியலில் இருமடங்கு தோன்றியும் அழுத்துவோர் கூடவில்லை.

காரணம் கைபேசியில் தெரிந்தது. தேடற் பட்டியலில் தலைப்புவரியின் தொடக்கச் சொற்கள் மட்டும் காட்டப்பட்டு மீதி வெட்டப்பட்டிருந்தது. தேடுபொறி கண்டுபிடித்த தொழிற்சொல், தேடியவரின் கண்ணில் படவில்லை. அவர் கண்டது எவரும் எழுதக்கூடிய முதல் நான்கு சொற்களையே. இரண்டாவது மாற்றத்தில் சொற்களின் வரிசையைத் திருப்பினோம்:

```
Bookkeeper | QuickBooks, Xero | AAT Sri Lanka
```

இம்முறை அறிவிப்பு நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்த மூன்று வாரத் தேடல் தோற்றங்கள் 22, 20, 23, அதாவது மாற்றமில்லை. பார்வை மொத்தமோ 106, 111, 115 என்று ஏறியது. வெளியேறும் ஆறு ஏழுக்கு மேலாக வாரத்துக்கு நான்கு ஐந்து கூடியதால், வருவோர் பதினொரு பேரளவில் ஆகியிருந்தார்கள். பட்டியலில் கணக்கியல் நிறுவனங்களில் வேலை செய்வோரும் தெரியத் தொடங்கினர்.

படி 5: பதிவுத் தோற்றத்தை இந்தத் தீர்ப்பில் சேர்க்காதீர்கள்

முதல் மாற்றத்துக்குப் பிந்திய ஒரு வாரத்தில், ஆலை முற்றத்தில் பெரும்போக நெல் காயும் படமொன்றை அவள் இட்டாள். வழமையில் இருநூறை ஒட்டி நிற்கும் பதிவுத் தோற்றம் 1,900 ஆனது. அது அந்தப் படத்தின் கணக்கு; தலைப்புவரிக்கு அதில் பங்கில்லை. ஆயினும் அந்த எண்ணையும் எழுதுங்கள், ஏனெனில் பதிவைக் கண்டவர்கள் சுயவிவரத்துக்குள் வந்தால் பார்வை கூடும், அதை நீங்கள் தலைப்புவரியின் வெற்றியாக எடுத்துவிடக்கூடும். அந்த வாரம் பார்வை அசையாததால் படம் விரும்பப்பட்டது, ஆளைத் தேடி எவரும் வரவில்லை என்று விளங்கியது. அளக்கும் வாரங்களில் வழமையான அளவிலேயே பதிவிடுவதும் கருத்து எழுதுவதும் நல்லது.

கொப்பியில் இன்னும் ஒரு குறிப்பை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொன்னேன். அறிவிப்பால் வந்த பார்வைகள் 13 வாரங்கள் கழித்து மொத்தத்திலிருந்து ஒன்றாகக் கழியும். அந்தத் திங்கட்கிழமை எண் சட்டென்று இறங்கும்போது அவள் பதறித் தலைப்புவரியைத் திரும்ப மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, அந்தத் திகதிக்கு நேரே "உறவினர் வெளியேறும் வாரம்" என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள்.