பெரிய மெஷின் விக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு

முதல் மீட்டிங்லயே கஸ்டமர்கிட்ட "உங்க ஃபைனான்ஷியல் இயர் எப்ப முடியுது, அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு எந்த மாசம் பேப்பர் குடுப்பீங்க"ன்னு கேட்டு அந்தத் தேதியை ஃபோன் காலண்டர்ல போட்டுடுங்க, அப்புறம் மாசாமாசம் "என்னாச்சு சார்"னு மெசேஜ் அனுப்பவே வேணாம்.

உதாரணத்துக்கு சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு ஃபேக்டரி, ஏர் கம்ப்ரசர் மாத்தணும், கணக்கு டிசம்பர்ல முடியுது, பட்ஜெட் செப்டம்பர்ல போவுதுன்னு வைங்க. ஜூலைல ஒரு தோராயமான விலை, மெஷினுக்கு எவ்ளோ இடம், எவ்ளோ கரண்ட்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுத்துட்டா இன்ஜினியர் அதை அப்படியே அவர் பேப்பர்ல சேத்துடுவாரு. அக்டோபர்ல ஃபைனான்ஸ் ஏதாச்சும் கேள்வி கேட்டாங்களான்னு ஒரு கால், ஜனவரில அப்ரூவல் வந்ததும் முறையான கொட்டேஷன். அதுக்கு முன்னாடியே குடுத்தா அதோட வேலிடிட்டி முடிஞ்சு, விலை ஏறுனா நம்ம மேலதான் கோவப்படுவாங்க.

இது ஏன் வேலை செய்யுதுன்னா, பட்ஜெட்ல பேரு ஏறாத மெஷினை அந்த இன்ஜினியர் நெனச்சாலும் அந்த வருஷம் வாங்குறது ரொம்ப கஷ்டம், அவருக்கு நம்ம தேவைப்படுற நேரமும் பட்ஜெட் பேப்பர் எழுதுற அந்த ரெண்டு மூணு வாரம்தான். நடுவுல அவர் வேற கம்பெனிக்குப் போயிட்டா எல்லாம் போச்சு, அதனால மெயின்டனன்ஸ் பாக்குற ஒருத்தர் நம்பரையும் வாங்கி வச்சுக்கங்க, இது முக்கியம்.

மெஷின் ஏற்கனவே நின்னு போச்சுன்னா இந்தக் கணக்கு ஒத்து வராது, அன்னிக்கே ஓடணும். அரசாங்க டெண்டர் போடுற GeBIZ வெப்சைட்ல வந்துட்டாலும் தனியா கால் பண்ணாதீங்க, சந்தேகத்தை அதுல போட்டிருக்குற வழிலயே கேளுங்க.