ஒகேனக்கல் பரிசல்காரருக்குப் பின்னால் எழுத்தை வைப்பது எப்படி

பென்னாகரத்தில் சிறிய மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர் கேட்டார். அவர் கொடுத்தது செல்போனில் எடுத்த ஒரே படம். பரிசலில் ஒருவர் தலையில் துண்டு கட்டி, துடுப்பைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். பின்னால் அருவியின் வெள்ளைப் புகை. 'ஒகேனக்கல்' என்ற எழுத்து பெரிதாக வேண்டும், ஆனால் அது அந்த ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்றார். அதை ஜிம்ப் 2.10-இல் செய்த விதத்தை இங்கே சொல்கிறேன். ஜிம்ப் படம் திருத்தும் இலவச மென்பொருள். தமிழ் எழுத்தின் கொம்பையும் புள்ளியையும் அது உடைக்காமல் காட்டுவதால் இந்த வேலைக்கு அதையே எடுத்தேன்.

முதலில் இதிலுள்ள தந்திரம். எழுத்து உண்மையில் ஆளுக்குப் பின்னால் போவதில்லை. அடியில் முழுப் படம், அதன்மேல் எழுத்து, அதற்கும் மேலே அதே படத்திலிருந்து வெட்டிய ஆள் என்று மூன்று லேயர்கள். மேலே இருக்கும் ஆள், அடியில் இருக்கும் தன் உருவத்தின் மேலேயே துல்லியமாகப் பொருந்தி நிற்பதால் இரண்டு பேர் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நகல் எடுத்த பிறகு இரண்டில் ஒன்றை மட்டும் நகர்த்தவோ, நிறம் மாற்றவோ கூடாது. வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் முதலிலேயே சரிசெய்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன்

படத்தை அச்சு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 12×18 அங்குலத் தாள் எளிதாகக் கிடைக்கும். என் படம் 3000×4000 பிக்சல். அந்த விகிதத்துக்கு வெட்டியதும் 2667×4000 ஆனது. அங்குலத்துக்குச் சுமார் 222 பிக்சல் வருகிறது, சுவர் போஸ்டருக்கு அது போதும்.

இப்போது `Layer > Duplicate Layer` கொடுங்கள். மேலே இருக்கும் நகலுக்கு 'ஆள்' என்று பெயர் வையுங்கள். பிறகு T அழுத்தி, எழுத்தைத் தட்டச்சு செய்து, லேயர் பட்டியலில் அதை இரண்டு படங்களுக்கும் நடுவே இழுத்து விடுங்கள். எழுத்து மறைந்துவிடும். பதற வேண்டாம், மேலே இருக்கும் முழுப் படம் மூடியிருக்கிறது. 'ஆள்' லேயரின் கண் குறியை அணைத்தால் தெரியும். வெட்டுவதற்கு முன்பே எழுத்தை வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எழுத்து எங்கெங்கே ஆளைத் தொடுகிறதோ அங்கே மட்டும் கவனமாக வெட்டினால் போதும். மற்ற இடங்களில் மேலேயும் கீழேயும் ஒரே படம்தான், அங்கே வெட்டு கோணலாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. என் படத்தில் தலை, தோள், துடுப்பு மட்டுமே தொட்டன. பரிசலை வெட்டவே இல்லை.

எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது

ஆங்கில எழுத்தில் கீழ்ப்பாதி மறைந்தாலும் பெரும்பாலும் படித்துவிடலாம். நம் எழுத்துக்கு அந்தத் தைரியம் வேண்டாம். நான் முதலில் எழுத்தைக் கொஞ்சம் கீழே வைத்திருந்தேன். அவருடைய தலை நடுவிலிருந்த 'க்' மேல் ஏறி, புள்ளியை விழுங்கிவிட்டது. போஸ்டர் 'ஒகேனககல்' என்று படித்தது. எழுத்தை மேலே தூக்கியதும் தலை 'ன', 'க்' இரண்டின் அடிப்பகுதியை மட்டும் தொட்டது, புள்ளி தப்பியது. அடுத்து துடுப்பு நுனி 'ல்' புள்ளியில் உட்கார்ந்திருந்தது. எழுத்தை 40 பிக்சல் இடப்பக்கம் தள்ளினேன்.

புள்ளி மட்டுமல்ல. கெ, கே வித்தியாசம் கொம்பின் மேல் சுழியில் இருக்கிறது. ஒ, ஓ வித்தியாசமோ அடியில் இருக்கிறது. எனவே முதல் எழுத்தான 'ஒ'வின் அடியை எதுவும் தொடாதபடி வைத்தேன். 'க'வின் அடியை ஒரேயடியாக மூடினால் 'த'வோ என்று தோன்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடாதீர்கள். வெட்டுவதற்கு முன் சோதிக்க எளிய வழி: 'ஆள்' லேயரைக் காட்டி அதன் `Opacity`யை 50 ஆக்குங்கள். எந்தக் கோடு ஆளின் மேல் விழுகிறது என்று அப்படியே தெரியும். பார்த்த பிறகு திரும்ப 100.

வெட்டு

எழுத்து லேயரின் கண்ணை அணைத்து, 'ஆள்' லேயரைத் தேர்ந்தெடுங்கள். F அழுத்தி `Free Select` எடுங்கள். கீழே வரும் விருப்பங்களில் `Feather edges` போட்டு அளவை 1 அல்லது 2 வையுங்கள். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, உருவத்தின் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்பக்கமாகவே புள்ளி புள்ளியாகச் சொடுக்கிப் போங்கள். வளைவில் புள்ளிகளை நெருக்கி வையுங்கள். ஆரம்பித்த புள்ளிக்கு வந்து மூடி, Enter. தலையில் துண்டு கட்டியிருந்ததால் எனக்கு முடி வெட்டும் தொல்லை இல்லை. முதல் பயிற்சிக்கு நீங்களும் அப்படிப்பட்ட படமே எடுங்கள். காற்றில் பறக்கும் முடியை இந்த முறையில் வெட்டினால் ஹெல்மெட் போட்டது போல ஆகிவிடும்.

அப்புறம் `Layer > Mask > Add Layer Mask...` கொடுத்து `Selection` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Select > None` கொடுங்கள். எழுத்தின் கண்ணைத் திறந்தால் ஆள் முன்னால் வந்து நிற்பார். அழிப்பான் போட்டு அழிக்காமல் மாஸ்க் போடுவது ஏனென்றால், மாஸ்க்கில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். தவறினால் திருத்தலாம். பூசும்போது படத்தின் மேலேயே கறுப்புக் கோடு விழுந்தால், மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்காமல் படத்தில் பூசுகிறீர்கள். Ctrl+Z போட்டு, லேயர் பட்டியலில் மாஸ்க் சிறுபடத்தைச் சொடுக்கிவிட்டுத் தொடருங்கள்.

இங்கே எல்லோரும் மறப்பது ஒன்று. துடுப்பைத் தூக்கிய கைக்கும் தலைக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதன் வழியே எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருப்பார். அந்தச் சந்தை மாஸ்க்கில் சின்ன பிரஷால் கறுப்பாக்குங்கள்.

வெள்ளைக் கோடு

நான் எழுத்துக்குக் கரும்சிவப்பு கொடுத்திருந்தேன். காதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அது பழைய பின்னணியின் மிச்சம். முன்பும் அங்கேதான் இருந்தது, வெள்ளைப் பின்னணியில் தெரியவில்லை, சிவப்பு வந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது. இதற்கு `Layer > Mask > Mask to Selection`, பிறகு `Select > Shrink...` 2 பிக்சல், `Select > Invert`, மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பை முன்நிறமாக வைத்து `Edit > Fill with FG Color`. வெட்டு இரண்டு பிக்சல் உள்ளே போகும், கோடும் போகும். துடுப்பு மாதிரி ஒல்லியான பொருள் மெலிந்துபோனால், அங்கே மட்டும் வெள்ளை பூசி மீட்டுக்கொள்ளுங்கள்.

கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. ஊர்ப் பெயரிலேயே இருக்கிற அந்தப் புகையை வெட்டி எடுக்க முடியாது, அதற்கு ஓரமே கிடையாது. அதனால் எழுத்து லேயருக்கும் `White` வகை மாஸ்க் ஒன்று போட்டு, மென்மையான பெரிய பிரஷால், `Opacity` 20 வைத்து, எழுத்துகளின் அடியில் லேசாகக் கறுப்பு தடவினேன். எழுத்து பாதி புகைக்குள் நிற்பது போல ஆயிற்று. 'ஒ'வின் அடியில் மட்டும் தடவவில்லை. நிழல் எதுவும் போடவில்லை. புகைக்கு முன்னால் நிற்கும் ஆளின் நிழல் எழுத்தின்மேல் எப்படி விழும்?

முடிந்ததும் `.xcf` ஆகச் சேமித்துவிட்டு, `File > Export As...` மூலம் JPG எடுத்துக் கடைக்குக் கொடுங்கள். லேயர் கோப்பைக் கொடுத்தால் அங்கே உங்கள் எழுத்துரு இல்லாமல் போகலாம், கடைக்காரர் வேறொன்றைப் போட்டால் எழுத்து நகர்ந்து, காப்பாற்றிய புள்ளி மறுபடியும் துண்டுக்குப் பின்னால் போய்விடும்.