வெஸ்ஸுக்கு டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் சொல்லி எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடா குடியேற்ற விண்ணப்பத்துக்கு வெஸ் நிறுவனத்திடம் ஈ.சி.ஏ. என்கிற கல்வித் தகுதி மதிப்பீட்டை எடுக்கிறவர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் கடிதம் இப்படித்தான் இருக்கும்: "மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு, நான் தங்கள் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர். என் டிரான்ஸ்கிரிப்ட்டை வெஸ் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." மரியாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு அங்கே இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில், அந்தக் கடிதத்தைப் பதிவாளர் படிக்கப்போவதே இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் மாணவரின் மதிப்பெண் பதிவுகள் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அதனால்தான் அந்த ஊர்ப் படிவங்களில் பதிவாளர் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பதிவுகள் பொதுவாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையில். பதிவாளர் பெயருக்குப் போன கடிதம் தபால் பிரிவிலிருந்து பதிவாளர் அலுவலகம், அங்கிருந்து தேர்வுப் பிரிவு என்று மேசை மேசையாக நகரும். பல்கலைக்கழக இணையதளத்தில் டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பம் யார் பெயருக்குப் போக வேண்டும் என்று இருக்கிறதோ, அவர் பெயருக்கே எழுதுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். தேர்வு நடத்தி மதிப்பெண் பட்டியல் கொடுத்தது கல்லூரி. வெஸ் தளத்தில் உங்கள் நாட்டையும் படிப்பையும் தேர்ந்தெடுத்தால் எந்த ஆவணத்தை யார் அனுப்ப வேண்டும் என்று காட்டும். அதைப் பார்த்த பிறகு எழுதினால் போதும்.

பொறியியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் சில ஆண்டுகள் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, மதுரை என்று பிரிந்திருந்து, 2012-இல் மீண்டும் ஒன்றானது. அந்தக் காலத்தில் படித்தவர்களின் மதிப்பெண் பட்டியலில் பழைய பெயர் இருக்கும். கடிதத்தில் வெறுமனே "அண்ணா பல்கலைக்கழகம்" என்று எழுதாமல், சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரை அப்படியே எழுதி, பதிவெண், சேர்ந்த ஆண்டு, தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு எல்லாவற்றையும் கொடுங்கள். தேடுகிறவர் பதிவெண்ணையும் ஆண்டையும் வைத்துத்தான் தேடுவார். உங்கள் பெயரில் அங்கே இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்.

அடுத்தது குறிப்பு எண். வெஸ் தளத்தில் கணக்குத் திறந்து, கட்டணம் கட்டினால் ஒரு குறிப்பு எண் வரும். அது வரும் முன்பே கடிதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், "அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்று. அந்த எண் இல்லாமல் போய்ச் சேரும் உறையை யாருடைய கோப்பில் சேர்ப்பது என்று அந்தப் பக்கத்தில் தேட வேண்டியிருக்கும். எண் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: கடிதத்தில், உள்ளே வைக்கும் வெஸ் படிவத்தில், உறையின் மேல். மூன்றாவதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். "உறையின் மேல் இந்த எண்ணை எழுதவும்" என்று கடிதத்தில் தனி வரியாகக் கேளுங்கள். எண்ணும் முகவரியும் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாளையும் கூடவே வைத்துவிட்டால், அவர் அதை ஒட்டிவிடுவார்.

பெயர் விஷயம்தான் நம் ஆட்களுக்குப் பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் "மீனா எஸ்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து "மீனா சுப்ரமணியன்" ஆகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்தபோது கணவர் பெயர் சேர்ந்து "மீனா ராஜேஷ்" ஆகியிருக்கும். வெஸ் கணக்கைப் பாஸ்போர்ட் பெயரில் திறந்துவிட்டு, கடிதத்தில் "மீனா ராஜேஷ்" என்று மட்டும் கையெழுத்துப் போட்டால், தேர்வுப் பிரிவில் அப்படி ஒரு மாணவரே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பல்கலைக்கழகம் தன் பதிவேட்டில் உள்ள பெயரில்தான் டிரான்ஸ்கிரிப்ட் கொடுக்கும். பாஸ்போர்ட் பெயரில் அடித்துத் தாருங்கள் என்று கேட்பதில் பயனில்லை. சரி, என்ன செய்வது? கடிதத்தில் இரண்டு பெயரையும் எழுதி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பெயர் மாறியதற்கான ஆதாரத்தை வெஸ்ஸுக்கு நீங்களே கொடுங்கள். அது பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே:

"நான் 2012 முதல் 2016 வரை (கல்லூரியின் பெயர்) கல்லூரியில் பி.இ. இயந்திரவியல் படித்தேன். பதிவெண் (…). தேர்ச்சி: ஏப்ரல் 2016. மதிப்பெண் பட்டியலில் என் பெயர் மீனா எஸ். பாஸ்போர்ட்டிலும் வெஸ் கணக்கிலும் மீனா ராஜேஷ். எட்டு செமஸ்டர்களுக்குமான டிரான்ஸ்கிரிப்ட்டையும், தங்கள் அலுவலகம் நிரப்பி முத்திரையிட்ட வெஸ் படிவத்தையும் ஒரே உறையில் வைத்து, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, கீழுள்ள முகவரிக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்தே அனுப்புமாறு வேண்டுகிறேன். உறையின் மேல் எழுத வேண்டிய குறிப்பு எண்: (…)."

இதில் "தங்கள் அலுவலகத்திலிருந்தே" என்ற சொல் முக்கியம். சில அலுவலகங்களில் டிரான்ஸ்கிரிப்ட் தயாரானதும் உறையை நம் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய், சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தால் அந்த உறை அத்தோடு செல்லாது. எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் உறை ஒட்டும் முன் அங்கேயே பார்க்கக் கேளுங்கள், அல்லது கூடுதலாக ஒரு பிரதிக்குப் பணம் கட்டி அதை வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் உங்களுக்கு அனுப்பிய பி.டி.எஃப். கோப்பை நீங்கள் வெஸ்ஸுக்குத் திருப்பி அனுப்புவதும் இதே கதைதான். மின்வழி அனுப்பும் வசதி இருந்தால், அதுவும் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும்.

வெஸ் படிவத்தை வெறுமையாக இணைப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதில் ஒரு பகுதி நாம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டியது: என் பதிவுகளை வெளியிடச் சம்மதிக்கிறேன் என்பது அங்கேதான் வருகிறது. மற்றது அலுவலகம் நிரப்புவது. நம் பகுதி காலியாக இருந்தால் அவர்கள் தொடமாட்டார்கள்.

இணைப்புகளில் எல்லா மதிப்பெண் பட்டியல்களின் நகல், பட்டச் சான்றிதழ் நகல், கட்டண ரசீது, அடையாள அட்டை நகல் இருக்கட்டும். அரியர் எழுதியவர்கள் அந்தப் பட்டியல்களையும் சேர்க்க வேண்டும். முதல் முறை தவறியதை மறைக்கலாம் என்று ஒன்றிரண்டை விட்டால், பதிவேட்டோடு ஒப்பிடும்போது கோப்பு அங்கேயே நின்றுவிடும். வெளிநாட்டுத் தபால் செலவு டிரான்ஸ்கிரிப்ட் கட்டணத்தில் அடக்கமா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனி என்று தெரியாமல் விட்டால் உறை தயாராகி அலமாரியில் தூங்கும்; யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

கடிதம் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதி முத்திரையும் வரவு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போன் செய்தால் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். அனுப்பிவிட்டோம் என்று சொன்னால், எந்தத் தேதியில், எந்த ஸ்பீட் போஸ்ட் அல்லது கூரியர் எண்ணில் என்று குறித்துக்கொண்டு, உறை அங்கே சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகும் சில நாள் கழித்துத்தான் வெஸ் கணக்கில் நிலை மாறும். அதற்குள் பயந்துபோய் இரண்டாவது கடிதம் எழுத வேண்டாம்.